பத்தொன்பது அங்குலக் கச்சு

டாமரிஸ் வோக் இருபத்தாறு வருடம், பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டுகிற கச்சு தைத்தாள். அத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அந்தத் தொழில் அவளுக்குப் பிடித்ததில்லை. போர்ட்சித் துறைமுக ஊரில், கப்பல் பட்டறை மதிலுக்கு எதிர்த் தெருவில் கடை. பதினான்கு வயதில் அம்மா கொண்டுவந்து உட்கார வைத்தாள், உட்கார்ந்தாள். எழுந்து போக வேறு இடம் இருந்திருந்தால் அன்றே போயிருப்பாள்.

முதலில் அவளை அடித்தது நாற்றம். கச்சுக்குள் செருகுகிற பட்டைகளை எல்லோரும் திமிங்கில எலும்பு என்பார்கள். அது எலும்பே இல்லை, அந்தப் பிராணியின் வாய்க்குள் சீப்புப்பல் மாதிரித் தொங்குகிற செதில். அதைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, இளகியதும் நீளவாக்கில் கிழித்து, சீவி, துணியில் தைத்திருக்கும் ஒடுக்கமான குழல்களுக்குள் ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். தொட்டித் தண்ணீர் இரண்டே நாளில் கடல் வற்றிய நேரத்துக் கரைச்சேறு போல நாறும். அந்தக் கையோடுதான் அவள் மத்தியானம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றாள்.

செதில் நாற்றமாவது பிராணியின் நாற்றம். பழுது பார்க்க வருகிற கச்சுகளின் நாற்றம்தான் அவளுக்குக் குமட்டும். கச்சைத் துவைக்க முடியாது. உள்ளே முன்பக்கம் எஃகுப் பட்டை இருக்கிறது, துருப்பிடிக்கும். கெட்டித் துணி சுருங்கி அளவு கெட்டுவிடும். அதனால் பெண்கள் அடியில் ஒரு உள்சட்டை போட்டுக்கொண்டு அதை மட்டும் துவைப்பார்கள். கச்சு அப்படியே கிடக்கும், நான்கு வருடம், ஐந்து வருடம். மேலே சரிகைப் பட்டு, பன்னீர் வாசம், மூன்றடுக்கு முத்து. கீழே அக்குளில் மஞ்சள் பூத்து, முன்பட்டை ஓரமாகத் துருக் கசிந்து, விறைத்துப்போன ஒரு துணிக்கூடு. வினிகரில் நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டு டாமரிஸ் அதைப் பிரிப்பாள். அட்மிரல் வீட்டுக் கச்சுக்கும் மீன்காரி கச்சுக்கும் நாற்றத்தில் வித்தியாசம் இல்லை என்று அவள் தங்கை ஹன்னாவிடம் சொல்வாள். மீன்காரி அடிக்கடி உள்சட்டை மாற்றுகிறாள் என்பதுதான் வித்தியாசம்.

அவள் தொழிலுக்கு வந்த காலத்தில் பாவாடை அகலமாகத் தெரிய ஆறு பாவாடை போட்டார்கள். கஞ்சி போட்டது ஒன்று, கயிறு வைத்துத் தைத்தது ஒன்று, குதிரைமயிர் நெய்தது ஒன்று. கோடையில் பெண்கள் அந்தச் சுமைக்குள் வெந்தார்கள். பிறகு எஃகு வளையக் கூண்டு வந்தது. மேலே சிறிய வளையம், கீழே போகப்போகப் பெரிய வளையம், எல்லாம் நாடாவில் தொங்கும். ஆறு பாவாடையின் பாரம் போய் ஒரு கூண்டின் அசைவு வந்தது. அந்தக் காலத்தில் கச்சு குட்டையாக இருந்தாலே போதும், ஏனென்றால் இடுப்பெலும்பும் வயிறும் கூண்டுக்குள் மறைந்துபோயின. ஐந்தடி அகலக் கூண்டின் மேல் எந்த இடுப்பை வைத்தாலும் அது ஒல்லியாகத்தான் தெரியும். கண்ணுக்கு வேண்டியது ஒப்பீடு, அவ்வளவுதான். இதை டாமரிஸ் இருபது வயதிலேயே புரிந்துகொண்டாள்.

அப்புறம் கூண்டு சிறுத்தது. முன்பக்கம் தட்டையாகி, பிதுக்கமெல்லாம் பின்பக்கம் ஒதுங்கியது. இப்போது பின்னால் மட்டும் அரை வளையங்கள் வைத்த அரைக்கூண்டு. முன்னால் வெறும் துணி. முன்பக்கம் தட்டையானதும் வயிறு வெளியே வந்தது. வயிறு வெளியே வந்ததும் கச்சு நீண்டு கீழே இறங்கியது. கூண்டு எங்கே விட்டதோ அங்கே கச்சு பிடித்துக்கொண்டது. பாவம், இதெல்லாம் நாகரிகம் மாறுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள் பெண்கள்.

கச்சுக்கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. கச்சின் உள்துணியில் மசியால் ஒரு எண் முத்திரை குத்துவார்கள். கச்சை முழுக்க மூடினால் இடுப்பு எத்தனை அங்குலம் என்பது அந்த எண். ஆனால் யாரும் முழுக்க மூடுவதில்லை. முதுகில் கயிறு இழுக்கிற இரண்டு ஓரங்களுக்கும் நடுவே இரண்டு, மூன்று அங்குலம் இடைவெளி விடுவார்கள். இருபது என்று முத்திரை உள்ளதை இருபத்திரண்டாகக் கட்டிக்கொண்டு, "நான் இருபது" என்று ஊரெல்லாம் சொல்வார்கள். விருந்து வீடுகளில் உடை மாற்றுகிற அறையில் ஒருத்தி கழற்றி வைத்த கச்சை இன்னொருத்தி சும்மா நகர்த்துகிற மாதிரி நகர்த்தி எண்ணைப் பார்ப்பாள். எல்லோரும் பார்ப்பார்கள், யாரும் பார்த்ததாகச் சொல்ல மாட்டார்கள்.

இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு வசந்த காலத்தில் மிஸஸ் ஹாலெட் கடைக்குள் வந்தாள். கப்பற்படைக்குப் பிஸ்கட் சப்ளை செய்கிறவர் மனைவி. கூடவே மகள் லெட்டி, பதினாறு வயது, நன்றாகத் தின்று வளர்ந்த பெண்.

"டாமரிஸ், ஜூன்ல டான்ஸ் இருக்கு. இவளுக்குப் பத்தொன்பது வேணும்," என்றாள் மிஸஸ் ஹாலெட்.

"அதுக்கென்னம்மா, தைச்சிடலாம். பின்னால ரெண்டரை அங்குலம் விட்டுக் கட்டிக்கட்டும்."

"விடக்கூடாது. ஓரம் ரெண்டும் தொடணும். என் நாத்தனார் மக இடைவெளி விட்டுட்டுப் பத்தொன்பதுன்னு சொல்லித் திரியுறா. பின்னாடி நின்னு பாத்தா குதிரை வண்டியே போகும் அந்த இடைவெளியில."

டாமரிஸ் பெண்ணை அளந்தாள். கச்சில்லாமல் இருபத்தைந்து. லெட்டி நாடாவைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சொல்லி இரண்டு நாளாக வெறும் டீ மட்டும் குடித்திருக்கிறாள் என்பது அவள் வாயிலிருந்து வந்த புளித்த வாடையிலேயே தெரிந்தது.

"இருபத்தஞ்சம்மா. ஆறு அங்குலம் குறைக்கிறதுன்னா..."

"குறைக்கத்தானே உங்கிட்ட வந்திருக்கேன்? முடியலைன்னா சொல்லிடு, சௌத்ஸீல ஆளா இல்ல?"

 பக்கத்து ஊரான சௌத்ஸீயில் ஆட்கள் இருந்தார்கள். கேட்ட எண்ணைக் கேட்டபடி தைத்து, ஒரு வேலைக்காரியை விட்டு முழங்காலை முதுகில் ஊன்றி இழுக்க வைக்கிற ஆட்கள். இந்தப் பெண் அங்கே போனால் ஜூன் மாதம் டான்ஸில் ஆட மாட்டாள், யாரோ நாற்காலியில் உட்கார வைத்து மயக்கம் தெளிய உப்பு முகரக் கொடுப்பார்கள். மறுத்தால் பெண்ணுக்குக் கேடு, தைத்தாலும் கேடு.

"தைச்சுத் தரேன்மா," என்றாள்.

அன்று அவள் வெட்டியது பத்தொன்பது அங்குலம் இல்லை, இருபத்திரண்டரை. ஓரம் ஓரத்தைத் தொடும்படி மூடினால் இருபத்திரண்டரை. பிறகு மசிக்கட்டையை எடுத்து, உள்துணியில் 19 என்று குத்தினாள்.

மிச்சத்தை ஒப்பீடு பார்த்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். இடுப்புக்குக் கீழே முக்கோணத் துண்டுகளைத் தாராளமாக வைத்து, இடுப்பெலும்பு மேல் கச்சு மணி போல விரியச் செய்தாள். மேலேயும் முக்கோணத் துண்டுகளை அகலப்படுத்தி, உள்ளே கம்பளிப் பஞ்சு வைத்துத் தைத்தாள். மேலும் கீழும் விரிந்தால் நடுவில் இருப்பது தானே ஒடுங்கும். முன்னால் இரண்டு எஃகுப்பட்டை, குமிழும் துளையுமாக மாட்டிக்கொள்வது. பட்டைகளின் நுனி துணியைக் குத்திக் கிழிக்காமல் இருக்க பட்டு நூலால் விசிறி போலத் தையல். கயிறு கோக்கப் பித்தளைக் கண்கள்.

அரைக்கூண்டையும் அவளே செய்தாள். பின்னால் ஒன்பது அரை வளையங்கள், மேல் மூன்றும் நன்றாகப் பிதுங்கியவை. வளையங்களின் இரண்டு நுனிகளையும் உள்ளுக்குள் நாடாவால் குறுக்கே இழுத்துக் கட்டினால்தான் எஃகு வளைந்து பின்னால் தள்ளும். நாடாவை அவிழ்த்தால் தட்டையாகிப் படுத்துவிடும். அதன் மேல் சுருக்கு வைத்த பாவாடை ஒன்று. அது இல்லாவிட்டால் எஃகின் வரிகள் பட்டின் மேல் விலா மாதிரித் தெரியும். உடை தைக்கிற கிழவி மிஸ் கிரவுச்சிடம் ஒரு வார்த்தை போட்டுவைத்தாள். கிழவி இன்னும் காகிதப் பட்டையில் வெட்டுக்குறி போட்டுத்தான் அளவெடுப்பாள், அவளிடம் எண்ணே கிடையாது. தோள் தையலைப் பின்னுக்குத் தள்ளிச் சரிய விட்டாள், மார்புச் சுருக்குகளை இடுப்பை நோக்கிச் சாய்த்தாள், பின்பாவாடையை உள்நாடாவில் தூக்கிக் கட்டிப் புடைக்க வைத்தாள், இடுப்பில் கறுப்பு வெல்வெட் பட்டி.

போட்டுப் பார்த்த நாளில் லெட்டி கண்ணாடி முன் நின்று மூச்சை இழுத்தாள். மூச்சு உள்ளே போனது. ஆச்சரியத்தோடு டாமரிஸைப் பார்த்தாள். டாமரிஸ் குனிந்து குண்டூசி பொறுக்கினாள்.

மிஸஸ் ஹாலெட் மகளைச் சுற்றி வந்தாள். முதுகில் ஓரங்கள் தொடுகின்றனவா என்று விரலை வைத்துப் பார்த்தாள். உள்துணியை மடித்து எண்ணைப் பார்த்தாள். "கைதேர்ந்த வேலைக்காரிதான் நீ," என்றாள்.

டாமரிஸுக்குத் தன்மேல் ஒரு பெருமைகூட வந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக இந்தக் கேடுகெட்ட தொழிலால் ஒருத்திக்கு நல்லது செய்துவிட்டோம் என்று ஹன்னா கொண்டுவந்த பன் ரொட்டியை ருசித்துத் தின்றாள். ஹன்னாவிடம்கூட விஷயத்தைச் சொல்லவில்லை. ஹன்னா ரொட்டிக்கடையில் நிற்கிறவள், அவளிடம் சொன்னால் ரொட்டியோடு சேர்ந்து ஊருக்கே போய்விடும்.

ஜூன் டான்ஸுக்குப் பிறகு போர்ட்சி முழுக்க அதே பேச்சு. ஹாலெட் பெண் பத்தொன்பது, ஓரம் தொட்டு. தேவாலய வாசலில், மீன் சந்தையில், ரொட்டிக்கடையில். டாமரிஸின் கடைக்கு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களிடம் அவள் "எங்கிட்ட இப்ப கை ஓய்வில்ல" என்று சொல்லி அனுப்பினாள். எல்லோருக்கும் பொய் தைத்தால் பொய் வெளுத்துவிடும் அல்லவா? அனுப்பப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

நவம்பர் மாதம் ஒருநாள் காலை ரொட்டிக்கடையிலிருந்து ஆள் ஓடிவந்தது. ஹன்னாவின் மகள் ரோடா சூடான தட்டோடு படியில் விழுந்துவிட்டாள். டாமரிஸ் போனபோது பெண் மாவு மூட்டைகளின் மேல் கிடந்தாள். உதடு ஈய நிறம் பூத்திருந்தது. முழங்கையில் தட்டு சுட்ட காயம். வாயோரம் வாந்தி.

டாமரிஸ் யாரையும் கேட்கவில்லை. ரவிக்கைப் பொத்தான்களைப் பிய்த்தாள், பெண்ணைப் புரட்டி, கத்தரிக்கோலை வைத்துக் கச்சுக் கயிற்றை மேலிருந்து கீழே வெட்டினாள். கயிறு அறுந்ததும் பெண்ணின் உடம்பு ஒரு சத்தம் போட்டது. இருமலா அழுகையா தெரியவில்லை.

உள்சட்டையைத் தூக்கினால் தோல் ரணம். இடுப்பைச் சுற்றிக் கறுப்பும் பச்சையுமாக ஒரு வளையம், பட்டைகள் பதிந்த கோடுகள், இரண்டு இடத்தில் தோல் வழன்று உள்சட்டையோடு ஒட்டிக் கிடந்தது. புண் நாற்றம். இருபத்தாறு வருட நாற்றத்தையெல்லாம் தாங்கிய டாமரிஸ் வெளியே போய்ச் சாக்கடையோரம் வாந்தி எடுத்தாள்.

திரும்பி வந்து கச்சை எடுத்துப் பார்த்தாள். தொழிற்சாலையில் தைத்தது. உள்துணியில் 19. நாடாவை வைத்து அளந்தாள். சரியாகப் பத்தொன்பது, நூலிழை பிசகில்லை.

"ஹன்னா, இது யார் வாங்கினது?"

"நான்தான்," என்றாள் ஹன்னா. தண்ணீர்த் துணியோடு மகள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். "நாலு மாசமாக் கட்டுறா. முதல்ல மூணு அங்குலம் விட்டோம். அப்புறம் ரெண்டு. போன வாரம் ஓரம் தொட்டுச்சு."

"அறிவிருக்காடி உனக்கு? உன் அக்கா என்ன தொழில் பண்றா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டேனே! ஜூலைல வந்து கேட்டேன். கை ஓய்வில்லைன்னு சொல்லிட்ட. ஹாலெட் வீட்டுக்குத் தைக்கக் கை ஓய்வு இருந்துச்சு. அந்தக் குண்டுப் பொண்ணாலயே முடியுதுன்னா எம் பொண்ணால முடியாதான்னு நெனச்சேன். இவ அவளை விட ஒல்லிதான்க்கா. கல்யாணச் சந்தையில நானும் இவளை நிறுத்தணும்ல?"

 லெட்டியின் கச்சு அப்போது டாமரிஸின் கடையில்தான் இருந்தது. நாய்க்குட்டியைத் தூக்கக் குனிந்தபோது முன்பட்டை ஒடிந்துவிட்டது என்று பழுதுக்கு அனுப்பியிருந்தார்கள். ஓடிப்போய் எடுத்துவந்தாள். மாவு மேஜையில் இரண்டு கச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் 19. நாடாவை ஹன்னா கையில் கொடுத்தாள்.

"அளந்து பாரு."

ஹன்னா தன் மகளுடையதை அளந்தாள். பிறகு மற்றதை. நாடா பத்தொன்பதைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை அளந்தாள்.

"இருபத்திரண்டரை," என்றாள் மெதுவாக. "நீயா குத்துனே இந்த நம்பரை?"

"ஆமா. அந்தப் பொண்ணு பொழைக்கட்டும்னு."

ஹன்னா நாடாவைச் சுருட்டி மேஜையில் வைத்தாள். பேசியபோது குரலில் கோபம்கூட இல்லை.

"பணக்காரப் பொண்ணுக்குப் பொய்யைத் தைச்சுக் குடுத்திருக்க. எம் பொண்ணு நிஜத்தைக் கட்டிக்கிட்டா."

  டாமரிஸ் ரோடாவைத் தன் கடையின் பின்னறைக்குத் தூக்கிவந்து படுக்க வைத்தாள். பார்லி கஞ்சியை இரண்டு கரண்டிக்கு மேல் வயிறு ஏற்கவில்லை. வயிறு எங்கேயோ மேலே ஏறிக்கொண்டது மாதிரி இருக்கிறது என்றாள் பெண். ஊரில் இன்னும் எத்தனை பெண்கள் இந்த ஐந்து மாதத்தில் பத்தொன்பது வாங்கினார்களோ என்று டாமரிஸ் எண்ணிப் பார்த்தாள். கடைக்கு வந்து திரும்பிப் போன முகங்கள் மட்டும் பதினொன்று ஞாபகம் வந்தன.

அவளுக்குத் தன் கையே அருவருப்பாக இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினாள். இன்னொரு தடவை கழுவினாள்.

உண்மையைச் சொன்னால் கடை போகும். பொய் முத்திரை குத்துகிற கச்சுக்காரியிடம் யார் வருவார்கள்? இருந்தாலும் மறுநாள் லெட்டியின் கச்சில் புதுப்பட்டை வைத்து முடித்ததும், 19 என்ற எண்ணின் மேல் மசியால் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் 22½ என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

சனிக்கிழமை மிஸஸ் ஹாலெட் தானே வந்தாள். அவளிடம் டாமரிஸ் கச்சை விரித்துக் காட்டினாள்.

"அம்மா, நான் உங்களை ஏமாத்திட்டேன். இது பத்தொன்பது இல்ல. ஊர்ல உங்க பொண்ணைப் பாத்துப் பொண்ணுங்க செத்துக்கிட்டிருக்கு. நீங்களே நாலு பேர்கிட்ட உண்மையைச் சொல்லணும். இல்லைன்னா நான் சொல்லுவேன்."

திட்டு வரும், கத்தல் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். மிஸஸ் ஹாலெட் கதவைப் பார்த்தாள். லெட்டி வெளியே வண்டியில் இருந்தாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"எனக்குத் தெரியுமே," என்றாள்.

"என்னம்மா?"

"முதல் நாளே வீட்டுல அளந்துட்டேன். என்ன நெனச்ச, எங்கிட்ட நாடா இல்லையா? வெல்வெட் பட்டியே இருபத்திமூணு நீளம்."

"அப்போ ஏன் சும்மா இருந்தீங்க?"

"பின்ன? எம் பொண்ணை மூச்சு முட்ட வச்சுக் கொல்லச் சொல்றியா? நான் என்ன பேயா?" மிஸஸ் ஹாலெட்டுக்கு உண்மையாகவே மனம் புண்பட்ட மாதிரி இருந்தது. "எனக்கு வேண்டியது நம்பர். என் நாத்தனார் நாடா எடுத்துக்கிட்டா வருவா? உள்துணியைத்தான் திருப்பிப் பாப்பா. அதைப் புரிஞ்சுதான் நீ பண்ணினேன்னு நெனச்சேன்."

"மத்த பொண்ணுங்க?"

"அது அவங்க அம்மாங்க பாடு. அவங்களும் நல்ல கச்சுக்காரியாப் பாத்துப் போயிருக்கலாம்."

பின்னறையில் ரோடா இருமினாள். அந்தச் சத்தம் இருவருக்கும் கேட்டது. மிஸஸ் ஹாலெட் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள். திமிங்கிலத் தொட்டி நாற்றம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்தக் கோட்டை அழிச்சு, மறுபடி பத்தொன்பது குத்திக் குடு," என்றாள்.

டாமரிஸ் கத்தரிக்கோலை எடுத்தாள். கயிறு வெட்டிய அதே கத்தரிக்கோல். உள்துணியில் எண் இருந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்தாள். கோடு கிழித்த 19, பக்கத்தில் அவள் எழுதிய 22½. நடுவில் இன்னொரு வெட்டு. தன்னுடைய எண்ணை மேஜை மேல் போட்டாள். மற்றதை, மேலே கோடு இருந்தும் படிக்க முடிகிற அந்தத் துண்டை, மிஸஸ் ஹாலெட்டின் கையுறை போட்ட கைக்குள் அழுத்தினாள்.

"உங்களுக்கு வேண்டியது இதுதானே? எடுத்துக்கோங்க. கச்சும் அந்தா இருக்கு. இனிமே இந்தக் கடைப் பக்கம் வராதீங்க."

அவள் அதைத் தரையில் எறிந்துவிட்டு, கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போவாள் என்று டாமரிஸ் நினைத்தாள். எறிந்திருந்தால் அவளை மனுஷியாகவாவது மதித்திருப்பாள்.

மிஸஸ் ஹாலெட் எறியவில்லை. துணித் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மசிக்கோடு லேசாகத்தான் இருந்தது, எலுமிச்சையும் உப்பும் போட்டுக் கோட்டை மட்டும் தேய்த்தால் போய்விடும், துண்டை மறுபடி உள்துணியில் தைத்துக்கொள்ளலாம். அதை நான்காக மடித்து, கைப்பைக்குள் வைத்து, பையின் வாயை அழுத்தி மூடிக்கொண்டாள்.